‘கேன்ட்’ என்றது ‘கேன்’ என்று விழுந்தது: ஒரு கிளையன்ட் நேர்காணலும் அடுத்ததற்கான ஒன்பது நாளும்

பெங்களூரில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்த சப்போர்ட் இன்ஜினியர். சொந்த ஊர் தேனிப் பக்கம். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர். பழைய ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் ஆறு வாரமாக பெஞ்சில் இருந்தார். ஜூன் கடைசியில் ஒரு அமெரிக்க கிளையன்ட் அவரை 30 நிமிடம் வீடியோவில் நேர்காணல் செய்தது. மறுநாள் வந்த பதில் இரண்டே வரி: தொழில்நுட்ப அறிவு போதும், கம்யூனிகேஷன் போதாது.

அந்த ஒரு சொல்லை அவர் ‘உச்சரிப்பு’ என்று எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரியே ஒரு ஆப்பை இறக்கி, ‘வாட்டர்’ என்பதை ‘வாடர்’ என்று சொல்லவும் ‘ர’வை நாக்கைச் சுருட்டிச் சொல்லவும் பழக ஆரம்பித்தார். நேர்காணலில் தவறியவர்களில் பெரும்பாலானோர் முதலில் போவது இந்த வழியில்தான். இவர் விஷயத்தில் அது தப்பான வழி. ஏன் தப்பு, பிறகு ஒன்பது நாளில் எதை மாற்றினார், இரண்டாவது நேர்காணலில் அது எப்படி உதவியது என்பதுதான் இந்த ஆய்வு.

குறிப்பேட்டில் இருந்த நான்கு இடங்கள்

கிளையன்ட் அழைப்பை அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. ஆகவே நடந்ததற்குச் சாட்சி, அழைப்பில் மியூட்டில் உட்கார்ந்திருந்த அக்கவுண்ட் மேனேஜர் நேரம் போட்டு எழுதிய குறிப்பு மட்டும்தான். சர்வீஸ் நிறுவனங்களில் இப்படி ஒருவர் கூட இருப்பது வழக்கம். தவறிய பிறகு அவரிடம் போய்க் கேட்பவர்கள்தான் குறைவு. இவர் நான்கு நாள் கழித்துக் கேட்டார். அந்த அம்மாவுக்குச் சேலம். இவர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, என் ஆக்சென்ட்தானே பிரச்சினை?”

“ஆக்சென்ட் இல்லப்பா. அவர் ஒண்ணு கேட்டாரு, நீ வேற ஒண்ணுக்குப் பதில் சொன்ன. ரெண்டாவது தடவையும் அதேதான் சொன்ன.”

குறிப்பில் முதல் இடம் மணி 7.08. ஒரு கோளாறைத் தன் கணினியில் மறுபடி வரவழைக்க முடியாதபோது என்ன செய்வீர்கள் என்று கிளையன்ட் கேட்டார். கேள்வியில் இருந்த சொல் ‘கேன்ட்’. இவருக்கு விழுந்தது ‘கேன்’. கோளாறை வரவழைத்துவிட்டால் எப்படிப் படிப்படியாகப் பிடிப்பது என்று இரண்டரை நிமிடம் சரளமாகச் சொன்னார். கிளையன்ட் கொஞ்சம் நிறுத்தி, “பட் வாட் இஃப் யூ கேன்ட்?” என்றார். அதுவும் ‘கேன்’ என்றே விழுந்தது. சொன்னதையே இன்னும் விரிவாகச் சொன்னார். எதிரில் இருந்தவர், இந்த ஆளிடம் கேள்வி போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்ததில் வியப்பில்லை.

இதற்கு ஒலியில் ஒரு காரணம் உண்டு. நாம் ‘கேன்ட்’டை அடையாளம் காணக் கடைசி ‘ட்’டைத் தேடுகிறோம். அமெரிக்கப் பேச்சில் அந்த ‘ட்’ பெரும்பாலும் வெளியே வராது, தொண்டையிலேயே நின்றுவிடும். அவர்கள் இரண்டையும் பிரித்தறிவது உயிரெழுத்தை வைத்து. வாக்கியத்தின் நடுவே வரும் ‘கேன்’ விழுங்கப்பட்டு ‘க்கன்’ என்று ஓடிவிடும். எதிர்மறைச் சொல் மட்டும் முழு ‘ஏ’ ஓசையோடு அழுத்தமாக நிற்கும். ஆகவே நம் காதில் தெளிவாக ‘கேன்’ என்று விழுவது, பல நேரம் ‘முடியாது’தான். ‘யெஸ் ஐ கேன்’ என்பதுபோல வாக்கியத்தின் கடைசியில் வந்தால் உடன்பாட்டுச் சொல்லும் முழுசாகவே ஒலிக்கும். அதனால் இதை விதியாக வைத்து நிச்சயப்படுத்திக்கொள்ள முடியாது. காதை நம்பாமல், புரிந்ததை நம் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதுதான் வழி.

இரண்டாவது இடம் 7.15. ஆர்டர்களில் 15 சதவீதம் நடுவில் சிக்கிக்கொள்கிறது என்றார்கள். இவர் 50 என்று கேட்டுக்கொண்டு, பாதி ஆர்டர் நிற்பது பெரிய சிக்கல் என்று பேச ஆரம்பித்தார். அவர்கள் திருத்தினார்கள்.

மூன்றாவது இடம் 7.19, கிளையன்ட் மனதில் அதிகம் தங்கியது இதுவாகத்தான் இருக்கும். ‘எவ்ரி அதர் வீக்கெண்ட்’ ஆன்-கால் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வார இறுதியில், கோளாறு வந்தால் கூப்பிட்ட உடனே பார்க்கத் தயாராக இருப்பது என்பது பொருள். கேள்வி பாதியில் இருக்கும்போதே இவர் “யெஸ், யெஸ்” என்றார். தமிழில் ஒருவர் பேசும்போது ‘ம்’, ‘ஆமா’, ‘சரி சரி’ என்று நடுநடுவே சொல்வது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று காட்டுவதற்கு. அந்தப் பழக்கத்தில் வந்த ‘யெஸ்’ அங்கே சம்மதமாகப் பதிவாகிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து, எல்லா வார இறுதியிலும் வேலை இருக்குமா என்று இவரே கேட்டார். ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்குவது போல அது அவர்களுக்குத் தெரிந்தது.

நான்காவது சிறியது. கேள்வி கேட்க நினைத்து “ஐ ஹேவ் எ டவுட்” என்றார். நமக்கு டவுட் என்றால் சந்தேகம் கேட்பது. வெளிநாட்டுக் காதில் அது ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்பதற்குப் பக்கத்தில் போய்விடும். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’ என்று மாற்றினால் தீர்ந்தது.

நான்கில் எதுவும் ‘ர’வைச் சுருட்டினால் சரியாகிற விஷயம் இல்லை. மூன்று காது சம்பந்தப்பட்டவை, ஒன்று சொல் தேர்வு. பழகிய போலி உச்சரிப்பை வைத்து ஒரு மாதிரி நேர்காணல் எடுத்துப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. நாக்கைக் கவனிப்பதிலேயே மனம் போய்விட்டதால், கேள்வியின் பின்பாதி அவருக்குள் போகவே இல்லை.

இரண்டாவது வாய்ப்பு

ஜூலையில் இன்னொரு கிளையன்ட். மருத்துவப் பொருட்களை மொத்தமாக விநியோகிக்கும் நிறுவனம். கேட்கப்போகிறவர்கள் இரண்டு பேர்: ஒஹாயோவிலிருந்து ஒரு மேனேஜர், கிளாஸ்கோவிலிருந்து ஒரு டெக்னிக்கல் லீட். 45 நிமிடம். தயாராக ஒன்பது நாள், நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

முதல் நாளே ஒரு சிக்கல். மின்னஞ்சலில் ‘காலை 9.30 EST’ என்று இருந்தது; காலண்டர் அழைப்பில் இந்திய நேரம் மாலை 7 மணி என்று இருந்தது. EST என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம். அதை அப்படியே கணக்கிட்டால் நமக்கு இரவு 8 மணி வரும். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருப்பார்கள். அதன் பெயர் EDT. ஆனால் அங்குள்ளவர்களே பழக்கத்தில் வருடம் முழுக்க EST என்று எழுதுவார்கள். ஜூலையில் 9.30 என்றால் நமக்கு 7 மணி, கிளாஸ்கோவுக்குப் பகல் 2.30. அக்கவுண்ட் மேனேஜர் மூலம் ஒரு வரி அனுப்பி உறுதி செய்துகொண்டார். அக்டோபர் கடைசியிலும் மார்ச்சிலும் நேர்காணல் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டன் கடிகாரத்தை மாற்றுவது அந்தந்த மாதத்தின் கடைசி ஞாயிறு, அமெரிக்கா மாற்றுவது வேறு ஞாயிறு.

காதுப் பயிற்சி

படம் பார்த்தால் காது பழகும் என்று சொல்வார்கள். படத்தில் கதையும் முகமும் சேர்ந்து பாதியைச் சொல்லிவிடும்; வேலைப் பேச்சில் அந்த உதவி கிடையாது. இவர் செய்தது வேறு. கிளாஸ்கோக்காரர்கள் தொழில்நுட்பம் பேசும் பொது வீடியோக்களை எடுத்து, ஒரு நிமிடத் துண்டாக வெட்டிக்கொண்டார். முதல் தடவை கேட்டு, மொத்தத்தில் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரு வரி. இரண்டாவது தடவை, காதில் விழுந்ததை விழுந்தபடியே ஆங்கிலத்தில் எழுதுவது. மூன்றாவது தடவை கேப்ஷனைப் போட்டு ஒப்பிடுவது. தப்பான இடத்தில் நின்று, அந்த மூன்று நொடியை மட்டும் பத்துத் தடவை ஓட்டிக் கேட்பது. நாளுக்கு மூன்று துண்டு, அதற்கு மேல் இல்லை. காது களைத்த பிறகு கேட்பதால் பயன் இல்லை.

நான்கு நாளில் அவர் நோட்டில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கிளாஸ்கோ பேச்சில் ‘ர’ நம் ‘ர’ போலவே தெளிவாக ஒலிக்கும். அது நமக்கு வசதி. இடறியது இரண்டு இடங்களில். சொல்லின் நடுவில் வரும் ‘ட்’ காணாமல் போய், அங்கே தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு மட்டும் இருக்கும். ‘டேட்டா’, ‘ரௌட்டர்’ போன்ற அவருடைய தினசரிச் சொற்களே அடையாளம் மாறிவிடும். அடுத்தது, ‘அவுட்வித்’ என்று ஒரு சொல். ஸ்காட்லாந்தில் சாதாரணமாகப் புழங்குவது, ‘வெளியே’ என்று பொருள். ‘அவுட்வித் ஆபீஸ் அவர்ஸ்’ என்றால் அலுவலக நேரத்துக்கு வெளியே. தெரியாதவர் ‘வித்’ என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு, அலுவலக நேரத்தோடு என்று நேர் எதிராகப் புரிந்துகொள்ள முடியும்.

நேரம் சொல்வதையும் பார்த்து வைத்தார். பிரிட்டனில் ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை. ஜெர்மன் மொழி வழக்கில் அதே அமைப்பு ஆறரையைக் குறிக்கும். ஒரு ஜெர்மன்காரர் ஆங்கிலத்தில் சொல்லும்போது எதை நினைக்கிறார் என்பது கேட்டால்தான் தெரியும்.

வாயில் மாற்றியது கொஞ்சம்தான்

உச்சரிப்பைத் தொடவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பொருளை மாற்றும் ஒலியை மட்டும் தொட வேண்டும். ‘வ’வுக்கு இரண்டு விதம், ‘த’வுக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவே வைப்பது, இவையெல்லாம் ஒன்பது நாளில் வராது. வராவிட்டாலும் எதிரில் இருப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். இவருக்கு எடுத்தது மூன்று.

முதலாவது அவர் வேலையிலேயே இருந்த ஒரு ஜோடி. இரவில் ஓடும் ‘பேட்ச் ஜாப்’, மென்பொருளைத் திருத்தப் போடும் ‘பேட்ச்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது தொடங்குவது குரலோடு வரும் ‘b’, இரண்டாவது ‘p’. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘p’வை ஆங்கிலம் பேசுபவர்கள் ஒரு மூச்சுக் காற்றோடு சொல்வார்கள். நம் ‘பழம்’, ‘பால்’ எதிலும் அந்தக் காற்று இல்லை. காற்றில்லாத ‘p’ அவர்கள் காதில் ‘b’ என்றே விழும். ‘பேட்ச் போட்ட பிறகு ஆர்டர் நின்றது’ என்று இவர் சொன்னால், இரவு ஜாப் ஓடிய பிறகு நின்றது என்று எடுத்துக்கொள்வார்கள், காரணமே மாறிவிடும்.

பயிற்சிக்கு ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். உதட்டுக்கு நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டு, இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ‘p’வுக்குத் தாள் துள்ள வேண்டும், ‘b’வுக்கு அசையக் கூடாது. முதல் நாள் இரண்டுக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் பத்துக்கு ஏழு தடவை துள்ளியது. பேச்சு வேகத்தில் அது மறந்துபோகும் என்பதால், கூட ஒரு காப்பும் சேர்த்தார்: ‘நைட்லி ஜாப்’, ‘சாஃப்ட்வேர் ஃபிக்ஸ்’ என்று சொல்லையே மாற்றிவிடுவது. இந்தக் காப்பு உச்சரிப்பைவிட நம்பகமானது.

இரண்டாவது, குற்றியலுகரம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ‘நாக்கு’, ‘பாட்டு’ என்று ஒரு குறுகிய உகரம் வந்து தாங்கும். அந்தப் பழக்கம் ‘டிக்கெட்டு’, ‘லாகு’, ‘ஜாபு’ என்று ஆங்கிலத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. தனிச் சொல்லில் அது தொந்தரவு இல்லை. வரிசையாக நான்கு சொல்லில் வந்தால், ஒவ்வொரு உகரத்தையும் எதிரில் இருப்பவர் காது ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். தன் பேச்சைப் பதிவு செய்து, உகரம் வந்த இடத்தில் எல்லாம் கோடு போட்டார். ஒரு நிமிடத்தில் 19 கோடு. எட்டாம் நாள் ஆறு.

மூன்றாவது அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஒரு அசை ஓங்கி, மற்றவை அமுங்கும்; தமிழில் அப்படிப் பொருளைத் தாங்கும் அழுத்தம் இல்லாததால் எல்லா அசையையும் சமமாகச் சொல்கிறோம். அகராதி முழுக்க மாற்றப் போகவில்லை. தன் வேலையில் தினமும் வரும் 20 சொல்லை எழுதி, ஓங்க வேண்டிய அசைக்கு அடிக்கோடு போட்டார். டெவலப், கம்போனன்ட், அனாலிசிஸ், ரிப்போசிட்டரி ஆகியவற்றில் இரண்டாவது அசை. டேட்டாபேஸ், இன்வாய்ஸ் ஆகியவற்றில் முதலாவது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்வது, அவ்வளவுதான்.

வேகத்தையும் அளந்தார். பதற்றத்தில் நிமிடத்துக்கு 180 சொல் வரை போனது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்துச் சொன்னால் பாடம் ஒப்பிப்பது போல ஆகிவிடும். ஆகவே சொல்லின் வேகத்தை விட்டுவிட்டு, கருத்து முடியும் இடத்தில் முழுசாக நிறுத்தினார். அப்படியே 140 பக்கம் வந்துவிட்டது.

இருபது நொடிச் சுருக்கம்

ஒன்பது நாளில் பாதி நேரம் இதற்குத்தான் போனது, போனதும் நியாயம். கேள்வி முடிந்ததும் பதிலுக்குப் பாயாமல், கேட்டதை 20 நொடிக்குள் தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. “லெட் மீ செக் ஐ காட் திஸ் ரைட்” என்று தொடங்கி, பிரச்சினை என்ன, எண் என்ன, என்னிடம் கேட்பது என்ன என்ற மூன்றை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும்.

சரியாகச் செய்ய இதில் மூன்று நுணுக்கம் உண்டு. கிளையன்ட் சொன்ன வாக்கியத்தையே கிளிப்பிள்ளை போலத் திருப்பினால், தப்பாகக் கேட்டது வெளியே வராது. ‘கேன்’ என்று விழுந்ததை ‘கேன்’ என்றே சொல்வோம், அது அவர்கள் காதில் எப்படி விழுமோ தெரியாது. சொல்லை மாற்ற வேண்டும்: ‘கோளாறு உங்கள் பக்கம் மட்டும் வருகிறது, என் கணினியில் வரவில்லை, அதுதானே?’ எதிர்மறையை எப்போதும் ‘கேன்னாட்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். எண்களை இலக்கம் இலக்கமாக: ‘ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்?’ லட்சம், கோடி வேண்டாம். 2 லட்சத்தை ‘டூ ஹண்ட்ரட் தௌசண்ட்’ என்று சொல்ல வேண்டும். தேதியில் மாதத்தைப் பெயராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 08/12 என்பது அமெரிக்கருக்கு ஆகஸ்ட் 12, பிரிட்டன்காரருக்கு டிசம்பர் 8.

ஒவ்வொரு கேள்விக்கும் இப்படிச் செய்தால் எதிரில் இருப்பவர் சலித்துவிடுவார். உங்கள் அனுபவம் எத்தனை வருடம் என்ற கேள்விக்குச் சுருக்கம் எதற்கு? நிபந்தனையோ எண்ணோ எதிர்மறையோ உள்ள கேள்விக்கு மட்டும். 45 நிமிடத்தில் நான்கு, ஐந்து தடவைக்கு மேல் தேவைப்படாது.

இதற்குத் துணையாக ஒரு தாள். மேலே மூன்று கட்டம்: பிரச்சினை, எண், கேட்பது. கேள்வி ஓடும்போது கட்டத்துக்கு ஒரு சொல் மட்டும். வாக்கியம் எழுத ஆரம்பித்தால் கேட்பது நின்றுவிடும். மாதிரி நேர்காணலில் அவருக்கு இரண்டு தடவை அப்படி நடந்தது.

‘யெஸ், யெஸ்’ஸுக்கு மாற்று, வாயை மூடிக்கொண்டு மேலும் கீழுமாக ஒரு தலையசைப்பு. பக்கவாட்டில் ஆட்டினால் அங்கே அது ‘இல்லை’யாகவோ தயக்கமாகவோ தெரியும்.

இடமும் கருவியும்

அவர் தங்கியிருந்தது பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி.யில். மாலை 7 மணிக்கு அங்கே குக்கர் விசில், பக்கத்து அறையில் கிரிக்கெட். அலுவலகத்தில் ஒரு சின்ன மீட்டிங் அறையை 6 முதல் 8.30 வரை எடுத்துக்கொண்டார். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நம்பி 6 மணிக்குக் கிளம்ப முடியாது என்பதால், அன்று மதியமே வந்துவிட்டார்.

ஹெட்செட் கம்பி உள்ளது. ப்ளூடூத்தில் மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது பல ஹெட்செட்கள் ஒலியின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய வகைகளில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற உரசல் ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. அதாவது பிரித்துக் கேட்கக் கஷ்டமான ஒலிகளே முதலில் போய்விடும். மைக் வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாக, இரண்டு விரல் தள்ளி. நேராக இருந்தால், கஷ்டப்பட்டுப் பழகிய ‘p’ காற்று மைக்கில் இடிக்கும்.

தாமதமும் உண்டு. கண்டம் தாண்டும் அழைப்பில் நம் குரல் போய், அவர்கள் பதில் திரும்ப நொடியில் ஒரு சிறு பங்கு ஆகும். நேரில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பழக்கத்தில் பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். எதிரில் இருப்பவர் முடித்ததாகத் தெரிந்த பிறகு மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணிவிட்டு வாய் திறப்பது என்று வைத்துக்கொண்டார்.

திரையில் ஓடும் கேப்ஷனைப் போட்டுக்கொண்டார், ஆனால் படிப்பதற்கு இல்லை. ஒரு சொல் தவறினால் எட்டிப் பார்க்க மட்டும். எண்ணிலும், ஸ்காட்லாந்து பேச்சிலும் அது அடிக்கடி தப்பு எழுதும்.

அன்று 7 மணி

முதல் கால் மணி நேரம் ஒஹாயோ மேனேஜர். சாதாரணக் கேள்விகள்; பதில் ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள், முடிவை முதல் வரியிலேயே சொல்லி. 7.17க்கு கிளாஸ்கோ லீட் ஒரு சூழலை வைத்தார். கிடங்கிலிருந்து ஆர்டர் உள்ளே வருகிறது, ஆனால் சிலவற்றுக்கு இன்வாய்ஸ் உருவாவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, அலுவலக நேரத்துக்கு வெளியே. அந்த ‘அவுட்வித்’தான். நடந்ததைக் கணினி பதிந்து வைக்கும் லாக் கோப்புகள் இவ்வளவு மணி நேரத்தில் அழிந்துவிடும். எப்படி அணுகுவீர்கள்?

இவர் தாளில் மூன்று சொல்: ‘இன்வாய்ஸ் இல்லை’, ‘4–8’, ‘அணுகுமுறை’. பிறகு சுருக்கம். ஆர்டர் பதிவாகிறது, இன்வாய்ஸ் மட்டும் இல்லை. இரவு நேரத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று. லாக் நான்கிலிருந்து எட்டு மணி நேரம் மட்டும் இருக்கும், சரிதானே?

“ஃபார்ட்டி எய்ட்,” என்றார் லீட்.

“ஃபோர் எய்ட், ஃபார்ட்டி எய்ட் அவர்ஸ்?”

“ஆய்.”

ஆய் என்றால் அங்கே ‘ஆமாம்’. ‘ஃபார்ட்டி எய்ட்’டில் நடு ‘ட்’ தொண்டையில் போனதால், ‘ஃபோர் டு எய்ட்’ என்று விழுந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தில் பதிலே மாறும். எட்டு மணி நேரத்தில் அழிகிற லாக் என்றால், ராத்திரியே அதை வேறு இடத்துக்கு நகலெடுக்க ஒரு ஏற்பாடு செய்வதுதான் முதல் வேலை. 48 மணி நேரம் இருக்கும் என்றால், காலையில் வந்து எடுத்தாலே போதும். அப்போது முதல் வேலை, நின்றுபோன ஆர்டர்களின் நேரத்தை இரவு ஜாப் ஓடும் நேரத்தோடு பொருத்திப் பார்ப்பது. இவர் இரண்டாவதைச் சொன்னார். சுருக்கம் இல்லாமல் பாய்ந்திருந்தால், இல்லாத பிரச்சினைக்கு அழகான தீர்வு சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

சறுக்கலும் இருந்தது. 7.26க்கு ஒரு வாக்கியத்தின் கடைசி விழவில்லை. “சாரி, பார்டன்?” என்றார். லீட் முழுவதையும் முதலிலிருந்து, இன்னும் வேகமாகச் சொன்னார்; இரண்டாவது தடவையும் கடைசி விழவில்லை. பொதுவாக ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். விழுந்த வரை சொல்லி, விழாததை மட்டும் கேட்க வேண்டும்: “ஐ ஃபாலோட் அப் டு தி இன்வாய்ஸ். வாட் ஹேப்பன்ஸ் ஆஃப்டர் தட்?” மூன்றாவது தடவை அப்படிக் கேட்டார், கடைசிப் பகுதி மட்டும் மெதுவாக வந்தது. இதை ஒன்பது நாளில் ஒரு தடவைகூடப் பழகியிருக்கவில்லை. பயிற்சித் திட்டத்தில் இருந்த குறை அது.

ஆன்-கால் கேள்வி இங்கேயும் வந்தது. இந்தத் தடவை கேள்வி முடியும் வரை தலையசைப்பு மட்டும். பிறகு, மாதத்தில் இரண்டு வார இறுதி என்று புரிந்துகொள்கிறேன், இந்திய நேரம் எத்தனை மணி முதல் என்று கேட்டார். மேனேஜர் அதற்கு விடை வைத்திருக்கவில்லை; பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

கடைசியில் 40 நொடியில் மொத்தச் சுருக்கம்: நான் புரிந்துகொண்ட வேலை, தேர்வானால் முதல் வாரத்தில் பார்ப்பது, எனக்குத் தெரிய வேண்டிய இரண்டு விவரம். நேர்காணல் முடிந்த அரை மணி நேரத்தில் அதையே நான்கு வரியாக எழுதி, அக்கவுண்ட் மேனேஜரிடம் கொடுத்தார். கிளையன்ட்டுக்கு நேராக அனுப்ப நிறுவன விதி இடம் தராது. அந்த நான்கு வரியில் ஆன்-கால் நேரத்தைப் பற்றிய கேள்வி தனி வரியாக இருந்தது, 48 மணி நேரம் எண்ணாகவே இருந்தது.

மூன்று நாள் கழித்துத் தேர்வானதாக வந்தது, இரண்டு வாரம் ஒரு பழைய ஆளோடு கூடவே இருந்து வேலையைப் பார்த்துக் கற்கும் ஷேடோ பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆன்-கால் நேரமும் அதே மின்னஞ்சலில்: சனிக்கிழமை மாலை 5 முதல். உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஷேடோ வாரத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் அழைப்புகளில் அவருக்கு இன்னும் பாதிதான் விழுகிறது. ஒருவரோடு பேசப் பழகிய சுருக்கத்தை அங்கே எந்த இடத்தில் நுழைப்பது என்று பிடிபடவில்லை. இப்போதைக்கு அழைப்பு முடிந்ததும் சாட்டில் மூன்று வரி போட்டு, தப்பிருந்தால் திருத்தச் சொல்கிறார். முதல் வாரத்தில் அப்படித் திருத்தப்பட்டவை இரண்டு. இரண்டும் எண்கள்.